சம்பள முன்பணக் கடிதத்தைத் திருத்தி எழுதும் கேள்வி: நான் படித்த விதம்

சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே மாலை நேரத்தில் பணியாளர் நிர்வாக டிப்ளமோ படித்தேன். அதில் அலுவலகக் கடிதத் தாளில், பணியாளர் ஒருவர் எழுதிய கடிதத்தைக் கொடுத்து அதைத் திருத்தி எழுதச் சொல்லும் கேள்வி உண்டு. கூடப் படித்தவர்களில் பலர் அதை மொழிநடைக் கேள்வியாக நினைத்து, எழுத்துப்பிழையைச் சரிசெய்து "தாழ்மையுடன்" சேர்த்து முடித்துவிடுவார்கள். உண்மையில் இது கணக்குக் கேள்வி. மேலாளர் எதையும் திருப்பிக் கேட்காமல் கையெழுத்துப் போட முடிய வேண்டும். சம்பளம் போடுகிறவர் அதைப் பார்த்தே பிடித்தத்தைப் பதிவு செய்ய முடிய வேண்டும். அப்படி இருந்தால்தான் அது நல்ல விடை.

பயிற்சிக்காக நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த கேள்வி ஒன்றைச் சொல்கிறேன். அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனி, தையல் பிரிவுப் பணியாளர் எழுதியதாகக் கடிதம்:

> மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் நம் கம்பெனியில் ஏழு வருசமாக வேலை செய்கிறேன். என் மகள் பதினோராம் வகுப்பு சேர வேண்டும், பள்ளியில் 38,000 கேட்கிறார்கள். ஜூன் 10-க்குள் கட்டாவிட்டால் சீட் போய்விடும். மகன் எட்டாவது, அவனுக்கும் யூனிஃபார்ம், நோட்டு வாங்க வேண்டும். என் கணவருக்கு இரண்டு மாதமாகச் சரியாக வேலை இல்லை. என்னிடம் 8,000 இருக்கிறது. ஐயா பெரிய மனது வைத்து 35,000 அல்லது 40,000 அட்வான்ஸ் கொடுத்து உதவ வேண்டும். 7-ஆம் தேதி சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்தாலும் போதும். பழைய அட்வான்ஸ் முடிந்த பிறகு ஆறு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளலாம். தீபாவளி போனஸ் வந்தால் முழுவதையும் முடித்துவிடுகிறேன்.

கேள்வியின் கீழே சில விவரங்கள். அவருடைய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 24,000 ரூபாய். வேறு படிகள் இல்லை. வருங்கால வைப்பு நிதிக்கு மாதம் 1,800 பிடிக்கிறார்கள். மே மாதச் சம்பளத்தில் பிடித்த பிறகு பழைய முன்பணத்தில் பாக்கி 4,000. மாதம் 2,000 வீதம் போகிறது. ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதி தருகிறார்கள். கம்பெனி விதிப்படி, பழைய பாக்கியும் புதிய முன்பணமும் சேர்ந்து ஒன்றரை மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. ஆறு தவணைக்குள் முடிய வேண்டும். அரையாண்டுத் தொழில்வரி 1,250 ஆகஸ்ட் மாதச் சம்பளத்தில் பிடிக்கப்படும்.

முதலில் தொகை. "35,000 அல்லது 40,000" என்பதை எந்த மேலாளரும் அனுமதிக்க முடியாது, ஏனென்றால் அனுமதி ஒரே எண்ணுக்குத்தான். கடிதத்திலேயே விடை இருக்கிறதா என்று பாருங்கள். கட்டணம் 38,000, கையில் 8,000, ஆகப் பள்ளிக்குத் தேவை 30,000. அப்புறம் விதியோடு ஒப்பிடுங்கள். ஒன்றரை மாதச் சம்பளம் 36,000. அதில் பழைய பாக்கி 4,000 போனால் அவர் கேட்கக்கூடிய உச்சம் 32,000. அவர் முதலில் எழுதிய 35,000-ஐ அப்படியே அழகாக எழுதிக் கொடுத்திருந்தால் கடிதம் திரும்பி வந்திருக்கும், ஜூன் 10-ம் தாண்டியிருக்கும்.

அப்படியானால் 35,000 எங்கிருந்து வந்தது? மகனின் யூனிஃபார்மும் நோட்டும் அதில் இருக்கலாம். எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. அலுவலகத்தில் என்றால் கூப்பிட்டு, "அக்கா, தம்பிக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுவிடலாம். தேர்வில் கேட்க ஆள் இல்லை. நாமாக ஓர் எண்ணைப் போடக் கூடாது. கடிதத்திலிருந்து நிரூபிக்க முடிகிற 30,000-ஐ வைத்து எழுதிவிட்டு, விடையின் அடியில் ஒரு குறிப்பாக இதைச் சொல்வதுதான் சரி. பணம் கேட்பவர் அவர். திருத்துகிறவர் அவருடைய கடனைக் கூட்டவோ குறைக்கவோ உரிமை இல்லாதவர்.

காரணத்தில் நிறைய எழுத வேண்டியதில்லை. எதற்கு, யாருக்கு, எந்தத் தேதிக்குள், அதற்கு என்ன சான்று என்ற அளவு போதும். கணவருக்கு வேலை இல்லாததை நான் விட்டுவிடுவேன். அது பொய் என்பதால் இல்லை. இந்தக் கடிதம் நாலு மேசை தாண்டிக் கோப்பில் உட்காரப் போகிறது. முடிவெடுக்கத் தேவையில்லாத வீட்டு விஷயம் அங்கே கிடக்க வேண்டாம். மருத்துவச் செலவுக்கான கடிதத்திலும் நோயின் பெயரை எழுதாமல், மருத்துவமனை தந்த செலவு மதிப்பீட்டை இணைத்தால் போதும். ஏழு வருட வேலையையும் எடுத்துவிடலாம், அது பணியாளர் பதிவேட்டிலேயே இருக்கிறது.

திருப்பிச் செலுத்தும் பகுதியில்தான் நிறைய விடைகள் சறுக்குகின்றன. "ஆகஸ்ட் முதல் மாதம் 5,000" என்று எழுதினால் தெளிவாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் எந்த ஆகஸ்ட்? ஆகஸ்ட் 7-ஆம் தேதி கைக்கு வருவது ஜூலை மாதச் சம்பளம். ஆகஸ்ட் மாதச் சம்பளம் வருவது செப்டம்பர் 7-இல். அவர் ஒன்றை நினைத்திருக்க, சம்பளப் பிரிவு மற்றதை எடுத்துக்கொண்டால், ஜூலைச் சம்பளத்தில் பழைய 2,000-மும் புதிய 5,000-மும் சேர்ந்தே போகும். வாடகை தர வேண்டிய வாரத்தில் அந்த 5,000 பெரிய தொகை. ஆகவே, எந்த மாதத்துக்கான சம்பளம், அது எந்தத் தேதியில் வருகிறது, இரண்டையும் எழுதுங்கள்.

இந்தக் கேள்வியில் பழைய பாக்கி ஜூன், ஜூலை மாதச் சம்பளங்களில் 2,000 வீதம் தீர்கிறது. புதியது ஆகஸ்ட் மாதச் சம்பளத்தில் தொடங்கி, 5,000 வீதம் ஆறு தவணையில் ஜனவரி மாதச் சம்பளத்தோடு முடியும். தவணை, எண்ணிக்கை, முதல் மாதம், கடைசி மாதம் ஆகிய நான்கையும் எழுதிவிட்டுப் பெருக்கிப் பாருங்கள்: 5,000 ஆறு முறை 30,000. தொகை சரியாக வகுபடாவிட்டால் கடைசித் தவணையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மகனின் செலவும் சேர்ந்து 32,000 ஆகியிருந்தால், ஐந்து தவணை 5,400, கடைசித் தவணை 5,000 என்று எழுதலாம்.

தவணை தாங்குமா என்பதையும் வரைவுத் தாளின் ஓரத்தில் போட்டுப் பார்க்கிற பழக்கம் நல்லது. நெருக்கடியான மாதம் ஆகஸ்ட். தவணை 5,000, வைப்பு நிதி 1,800, தொழில்வரி 1,250 சேர்ந்து 8,050 போகும். கையில் வருவது 15,950. சட்டமும் ஓர் எல்லை வைத்திருக்கிறது. பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தில் பொது விதியாக இருந்தது, 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அதே பாதிதான். இங்கே பாதி என்றால் 12,000, ஆகவே தவணை தாங்கும். சீக்கிரம் முடிக்கட்டும் என்று யாராவது மூன்று தவணையில் 10,000 வீதம் எழுதியிருந்தால், முதல் மாதமே 13,050 ஆகி எல்லையைத் தாண்டியிருக்கும்.

போனஸ் பற்றி ஒன்று. "போனஸ் வந்தால் முழுவதையும் முடிக்கிறேன்" என்பதை அட்டவணையில் சேர்க்காதீர்கள். எவ்வளவு வரும், எப்போது வரும் என்பது இன்னும் முடிவாகாத பணம் அது. அட்டவணை சம்பளத்தை மட்டும் நம்பி நிற்கட்டும், போனஸ் தனி வாக்கியமாக வரட்டும்.

இவ்வளவையும் வைத்து நான் எழுதிய விடை:

> பொருள்: சம்பள முன்பணம் ரூ.30,000 கோருதல் – தொடர்பாக.
>
> ஐயா,
>
> வணக்கம். என் மகளின் பதினோராம் வகுப்புச் சேர்க்கைக் கட்டணம் ரூ.38,000-ஐ ஜூன் 10-க்குள் பள்ளியில் செலுத்த வேண்டும். என்னிடம் ரூ.8,000 உள்ளது. மீதி ரூ.30,000-ஐ (ரூபாய் முப்பதாயிரம் மட்டும்) சம்பள முன்பணமாக, ஜூன் 7 அன்று தரும் சம்பளத்துடன் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> முந்தைய முன்பணத்தில் பாக்கியுள்ள ரூ.4,000, ஜூன், ஜூலை மாதச் சம்பளங்களில் தீர்ந்துவிடும். புதிய முன்பணத்தை, ஆகஸ்ட் மாதச் சம்பளம் (செப்டம்பர் 7-இல் பெறுவது) முதல் ஜனவரி மாதச் சம்பளம் (பிப்ரவரி 7-இல் பெறுவது) வரை, மாதம் ரூ.5,000 வீதம் ஆறு தவணைகளில் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். தீபாவளி போனஸ் கிடைத்தால், அப்போதுள்ள பாக்கியை அதிலிருந்து செலுத்தி முடிக்க விரும்புகிறேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர், பணியாளர் எண், தையல் பிரிவு, தேதி, கையொப்பம்)

இந்தக் கேள்விக்கு வந்த விடைகள் சிலவற்றில், "இடையில் வேலையை விட்டால் மீதியை இறுதிக் கணக்கில் பிடித்துக்கொள்ளலாம்" என்ற வரியும் இருந்தது. எங்கள் ஆசிரியர் அதை அடித்துவிடுவார். "அவங்க சொல்லாத வாக்குறுதியை நீ ஏன்ப்பா கொடுக்கற?" என்று கேட்பார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. அந்த நிபந்தனை கம்பெனிக்கு வேண்டுமென்றால் அனுமதி ஆணையில் எழுதி, பணியாளரைப் படிக்க வைத்துக் கையெழுத்து வாங்கலாம். கட்டண ரசீதையோ பள்ளி அறிவிப்பையோ இணைத்திருப்பதாக எழுதுவதும் இதே வகை. மூலக் கடிதத்தில் இணைப்பு எதுவும் இல்லாதபோது அதை விடைக்குள் எழுத முடியாது.

விடையின் அடியில் நான் இப்படிக் குறிப்பு எழுதினேன்: "மகனின் செலவுக்குத் தொகை குறிப்பிடப்படவில்லை. விதிப்படி இன்னும் ரூ.2,000 வரை கேட்க இடமுண்டு. பணியாளரிடம் உறுதிசெய்து, தேவையானால் தொகையையும் தவணையையும் சேர்த்து மாற்ற வேண்டும். பள்ளியின் கட்டண அறிவிப்பு நகலைக் கேட்டுப் பெற வேண்டும். கையெழுத்திடும் முன் தவணை மாதங்களை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்."