தீபாவளி வரைக்கும்

2024 செப்டம்பர் 9, திங்கள்

நேற்று தெலுக் இந்தானில் அவருடைய தங்கைக்குக் கல்யாணம். மண்டப வாசலில் அவருடைய பெரியம்மா என்னைப் பார்த்து, "இந்தப் பிள்ளை யார்?" என்று கேட்டார். "எங்கள் பள்ளியில் படித்த பிள்ளை" என்றார் அவர். பொய் இல்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர்தான். ஆனால் போன அக்டோபரிலிருந்து 11 மாதமாக ஒவ்வொரு நாளும் அவரை நினைத்துத்தான் தூங்கப் போகிறேன். அதற்கு ஒரு பெயர் இருக்கும் என்றால் அது "எங்கள் பள்ளியில் படித்த பிள்ளை" இல்லை.

"தங்கை கல்யாணம் முடியட்டும்" என்று அவர் சொன்னபோது எனக்குக் கோபமே வரவில்லை. நம் வீடுகளில் தங்கை இருக்கும்போது அண்ணன் தன் பேச்சை எடுக்க முடியாது. அது நியாயமான காரணம் என்பதால் நியாயமாகவே காத்திருந்தேன். நேற்று அந்தக் காரணம் முடிந்துவிட்டது.

செப்டம்பர் 17, செவ்வாய்

நேற்று மலேசிய தினம், விடுமுறை. அவர் ஷா ஆலமிலிருந்து வந்துவிட்டுத் திரும்பியதே ஒட்டுக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. ஐந்து நாளாக ஒரு வரி இல்லை. நேற்று இரவு 11:40-க்கு "சாப்பிட்டாயா?" என்று வந்தது. அந்த ஒரு சொல்லுக்கு என் நெஞ்சு அப்படித் துள்ளியது. பத்து நிமிடத்துக்கு முன்புதான் இனி பேசக் கூடாது என்று அழுதிருந்தேன்.

பக்கத்து வீட்டு ஆசிரியை அக்கா உளவியல் படித்தவர். சாயங்காலம் அவரிடம் சொன்னேன். அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளைப் பற்றிச் சொன்னார். கொத்தும்போதெல்லாம் தீனி பெற்றுப் பழகிய புறா, தீனி நின்றதும் சீக்கிரம் விட்டுவிடும். எப்போது வரும் என்று தெரியாமல், எப்போதாவது மட்டும் பெற்றுப் பழகியதுதான் தீனி நின்ற பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். "உனக்கு இவ்வளவு துள்ளுகிறது என்பதால் அன்பு இவ்வளவு பெரியது என்று கணக்குப் போடாதே. வருமா வராதா என்று தெரியாததும் அந்தத் துள்ளலில் சேர்ந்திருக்கிறது" என்றார். அதிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று உட்கார்ந்து பழைய செய்திகளையெல்லாம் முதலிலிருந்து படித்தேன். இனிமையான வரிகளைத் தாண்டி, "நம் விஷயம் என்ன?" என்று நான் கேட்ட இடங்களை மட்டும் தேடினேன். நான்கு முறை கேட்டிருக்கிறேன். டிசம்பரில், வேலை நிரந்தரமாகட்டும் என்றார், பிப்ரவரியில் நிரந்தரமானது. மார்ச்சில், தங்கைக்கு வரன் அமையட்டும் என்றார். ஜூனில், கல்யாணம் முடியட்டும். போன வாரம், வீட்டுக்கு முன்பணம் சேரட்டும்.

ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் உண்மைதான். வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் கை நின்றது. ஒரு காரணம் தீரும்போது நாங்கள் ஓர் அடியாவது முன்னால் நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை, அந்த இடத்தில் அடுத்த காரணம் வந்து உட்கார்ந்துவிட்டது.

அவர் கெட்டவர் இல்லை. மார்ச் மாதம் நள்ளிரவில் அப்பாவுக்கு மூச்சு முட்டியபோது காரை எடுத்துக்கொண்டு வந்து, விடியும்வரை மருத்துவமனை வராந்தாவில் நின்றவர். நான் இத்தனை நாள் காத்திருந்ததில் பாதி அந்த இரவுக்காகத்தான். ஆனால் அந்த இரவு அவர் நல்லவர் என்பதைச் சொல்கிறது. என்னைக் கட்டிக்கொள்ள நினைக்கிறாரா என்பதைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

ஆலையில் எடைமேடைக் கணக்கு என் வேலை. தரம் பார்க்கும் அண்ணன் செம்பனைக் குலையை நிறத்தை மட்டும் வைத்து ஏற்க மாட்டார். மேலே சிவந்திருந்தாலும், பழம் உதிர்ந்த குழி பத்தாவது இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். இல்லையென்றால் முழுதாகப் பழுக்காததுதான். இன்று அந்த அண்ணன் குனிந்ததைப் பார்த்தபோது, இந்த 11 மாதத்தில் உதிர்ந்தது என்ன என்று எண்ணிப் பார்த்தேன். என்னைத் தெரிந்தவர் என்று அவர் வீட்டில் ஒருவரும் இல்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தடியில் சந்தித்தோம். வழக்கம்போல, சாலையில் போகிறவர்கள் கண்ணில் படாத பக்கத்தில் உட்கார்ந்தார். செய்தியில் கேட்டால் நழுவிவிடலாம் என்றுதான் நேரில் கேட்டேன். எழுதி வைத்துப் பழகியும் தொண்டை அடைத்தது.

"வீட்டுக்கு முன்பணம் சேர நாளாகும், தெரியும். நானும் சேர்ந்து கட்டுகிறேன், இரண்டு வருஷமானாலும் இருக்கிறேன். ஆனால் உங்கள் அம்மாவிடம் என் பெயரைச் சொல்லப் பணம் வேண்டாமே. அதை மட்டும் செய்வீர்களா?"

ஆசிரியை அக்காவும் நானும் பேசிப் பேசி வந்து சேர்ந்த கேள்வி இது. அவர் சொல்லும் காரணம் எதுவும் தடுக்க முடியாத ஒரு சின்னக் காரியத்தைக் கேட்க வேண்டும். செய்தால் காரணம் மெய், காத்திருக்கலாம். செய்யாவிட்டால் தடை வேறு எங்கோ இருக்கிறது.

நெடுநேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் அவசரப்படுகிறாய்? தீபாவளி வரட்டும்" என்றார். "சரி, தீபாவளி வரைக்கும்" என்றேன். அவர் சொன்ன நாளையே தவணையாக வைத்துக்கொண்டேன். அதை அவரிடமும் சொல்லிவிட்டேன், மனதுக்குள் ஒளித்துவைத்த தவணையை அவர் எப்படி அறிவார்?

அக்டோபர் 14, திங்கள்

பாகான் டத்தோவிலிருந்து ஒரு வரன். அம்மா படத்தை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் கோதுமை மாவு பிசைந்தார். நானே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அந்தப் பையன் உன்னை இல்லை என்றானா, ஆம் என்றானா?" என்று மட்டும் கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். மாவை மூடி வைத்துவிட்டு என் தலையைத் தடவினார்.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

வந்தார். ஐந்து நண்பர்களோடு, ஊர் வழக்கப்படி வீடு வீடாகப் போகும் கூட்டத்தில் ஒருவராக. அம்மாவின் முறுக்கை நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டு எடுத்தார். அம்மா வேண்டுமென்றே, "தம்பி, உங்கள் அம்மாவையும் அழைத்து வந்திருக்கலாமே" என்றார். அவர் சிரித்து, "அவருக்கு இங்கே யாரையும் தெரியாது, அம்மா" என்றார்.

பலகாரத் தட்டை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

நவம்பர் 3, ஞாயிறு

அதே கோபுரம். இன்று நான் சாலை பார்த்த பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் இல்லை என்று சொல்லவில்லையே" என்றார், கண் கலங்கி. அந்தக் கண்ணீரும் மெய்தான். அதனால்தான் சொல்வது அவ்வளவு கடினமாக இருந்தது. "ஆம் என்றும் சொல்லவில்லை. கேட்ட காரியம் நடக்கவில்லை. இன்றோடு நான் காத்திருக்கவில்லை. இப்போதைக்கு நண்பர்களாகவும் பேச வேண்டாம், என்னால் முடியாது" என்றேன். அவர் மனம் மாறினால் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வரலாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் மறுபடியும் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

நவம்பர் 19, செவ்வாய்

முதல் வாரம் எதிர்பார்த்ததைவிட மோசம். இரவு பதினொன்றானால் கை தானாகத் திரையைத் தேடியது. தீனி நின்றதும் முதலில் கொஞ்ச நேரம் புறா முன்னைவிட வேகமாகக் கொத்துவது உண்டு என்று அக்கா சொல்லியிருந்தார். அது தெரிந்திருந்ததால்தான் அவரை அழைக்காமல் தாண்டினேன். இப்போது கைப்பேசி அரிசி டின் மேல்தான் தூங்குகிறது. இன்று விடிகாலை தேநீர் போடும்போது பார்த்தேன்: 11:15-க்கு "சாப்பிட்டாயா?" பதில் எழுதவில்லை. அழுகை வந்தது, அழுதுகொண்டே பசியாறினேன்.

பாகான் டத்தோ வரனை வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். ஒருவரை மறக்க இன்னொருவரைப் பிடித்துக்கொள்வது அந்தப் பையனுக்குச் செய்யும் அநியாயம். "எதுவரைக்கும் பார்க்காமல் இருப்பது?" என்று அம்மா கேட்டார். தை முடியட்டும் என்றேன். சமையலறைக் காலண்டரை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். புதுக் காலண்டர் இன்னும் வாங்கவில்லை. டிசம்பர் தாளின் ஓரத்தில் "தை கடைசி" என்று நானே எழுதினேன்.