பந்தியில் கேட்கப்படும் வரிக் கணக்கு

கல்யாண வீட்டில் ஆடிட்டரிடம் கேட்கப்படும் கேள்விகள் எல்லாமே "சின்ன டவுட்" என்றுதான் தொடங்கும். வண்ணாரப்பேட்டையில் அலுவலகம் வைத்திருக்கிறேன், பிறந்தது ராயபுரம், வாழ்க்கைப்பட்டது தண்டையார்பேட்டை. அதனால் டி.எச். ரோட்டில் எந்த மண்டபத்துக்குப் போனாலும் என் தொழில் தெரிந்தவர்கள் பாதிப் பேர் இருப்பார்கள். மீதிப் பேருக்கு என் மாமியார் சொல்லிவிடுவார்.

டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் இதே பாடுதான். எங்கள் தெரு டாக்டர் ஒருவர் ரிசப்ஷனில் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு நிற்கும்போது யாரோ செல்போனில் சுகர் ரிப்போர்ட்டை நீட்டியதைப் பார்த்திருக்கிறேன். அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை. "நாளைக்கு க்ளினிக்குக்கு வாங்க, பிரஷரும் பார்த்துடலாம்" என்றார். ஆனால் நெஞ்சு அடைக்கிறது என்று ஒருவர் சொல்லியிருந்தால் இப்படிப் பேசியிருக்க மாட்டார். உடனே வண்டி வரவழைத்து ஸ்டான்லிக்கு அனுப்பியிருப்பார். அந்த இடத்திலேயே மருந்து சொல்வது வேறு, ஆபத்தைத் தடுப்பது வேறு. எங்கள் தொழிலிலும் இந்த வித்தியாசம் உண்டு. அதை வைத்துத்தான் எதற்கு வாய் திறப்பது, எதற்குத் திறக்காமல் இருப்பது என்று முடிவு செய்கிறேன்.

2025-26 நிதியாண்டில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறை, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை. சாம்பார் ஊற்றுகிறார்கள், அவர் ஆரம்பித்தார்.

"ஏம்மா, நீதானே ஆடிட்டர்? வீட்டை விக்கலாம்னு இருக்கேன். தொண்ணூறு லட்சத்துக்கு பார்ட்டி ரெடி. பன்னிரண்டரை பர்சென்ட்டுன்னு சொல்றாங்க. அப்படின்னா பதினோரு லட்சம் போயிடுமா?"

"அப்படி இல்லை மாமா, பத்திரம் பார்க்காம சொல்ல முடியாது" என்றேன்.

"ரஃப்பா சொல்லும்மா."

இந்த "ரஃப்பா" என்பதுதான் கண்ணி. எதிர் இலையிலிருந்து என் நாத்தனார் வேறு, "அண்ணி, தெரிஞ்சதைச் சொல்லுங்களேன், மாமா வெளியாளா?" என்றாள். இப்படிச் சுற்றிலும் இருப்பவர்கள் சேர்ந்துகொண்டால், வாய் மூடி இருப்பது திமிராகத் தெரியும். ஒரு நம்பர் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. அந்த நம்பர் ஏன் சொல்லக் கூடாது என்பதை அவர் வீட்டுக் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

அன்று பந்தியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: அரை கிரவுண்டு இடம், கீழ்த்தளம் மட்டும் இருந்த வீடாக 1994-ல் மூன்று லட்சத்துக்கு வாங்கியது, இப்போது 90 லட்சத்துக்கு விலை பேசியிருக்கிறது. வரி 90 லட்சத்துக்கு அல்ல, லாபத்துக்குத்தான். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய வீடு என்றால், வாங்கிய விலைக்குப் பதில் அந்தத் தேதியின் சந்தை மதிப்பை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது பத்திரப்பதிவுக்கு அரசு வைத்திருந்த அன்றைய கைடுலைன் மதிப்பைத் தாண்டக் கூடாது. கணக்குக்காக இடமும் கட்டிடமும் சேர்த்து 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு, நிலத்துக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பணவீக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் லாபத்துக்கு 12.5 சதவீதம். இன்னொன்று, பழைய விலையைப் பணவீக்கக் குறியீட்டின்படி ஏற்றிக்கொண்டு, மிச்ச லாபத்துக்கு 20 சதவீதம். எது குறைவோ அதுவே போதும். இந்தச் சலுகை இங்கே குடியிருக்கும் தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும்தான்.

முதல் வழியில் லாபம் 82 லட்சம், வரி 10.25 லட்சம். இரண்டாவது வழிக்கு 2025-26-ன் குறியீடு 376, 2001-02-ன் குறியீடு 100. எனவே 8 லட்சம் 30.08 லட்சமாகிறது. லாபம் 59.92 லட்சம், அதில் 20 சதவீதம் 11.98 லட்சம். செஸ், சர்சார்ஜ் தனி, அவற்றை விட்டுவிடுகிறேன். ஆக, முதல் வழிதான் மலிவு. பந்தியில் வாய் திறந்திருந்தால், "பன்னிரண்டரை பர்சென்ட்டே பெட்டர் மாமா, பத்து லட்சம் வரும்" என்றுதான் சொல்லியிருப்பேன். கொடுத்த தகவலுக்கு அது சரியான பதில்தான்.

தயிர் சாதம் வந்தபோது அவர் பேச்சோடு பேச்சாக, "மேல மாடி கட்டுறதுக்கே அப்போ பன்னிரண்டு லட்சம் ஆச்சு" என்றார்.

எப்போது கட்டினீர்கள் என்று கேட்டேன். "2010-ல, சின்னவன் காலேஜ் சேர்ந்த வருஷம்."

கணக்கு அங்கேயே தலைகீழாகிவிட்டது. மாடி கட்டிய செலவும் கழிவுதான். முதல் வழியில் லாபம் 70 லட்சம், வரி 8.75 லட்சம். இரண்டாவது வழியில் 2010-11-ன் குறியீடு 167. எனவே அந்த 12 லட்சம் 27 லட்சத்துக்குச் சற்று மேலே போகிறது. 90-லிருந்து 30.08-ம் 27.02-ம் போனால் 32.9 லட்சம். அதில் 20 சதவீதம் 6.58 லட்சம். இப்போது இரண்டாவது வழிதான் மலிவு, அதுவும் இரண்டு லட்சத்துக்கு மேல். மாடி என்ற ஒரே தகவல் எந்த வழி நல்லது என்பதையே மாற்றிவிட்டது. அதை அவர் மறைக்கவில்லை. அது வரிக்குச் சம்பந்தப்பட்ட விஷயம் என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். கேட்பவருக்கு எது முக்கியம் என்று தெரியாது, எங்களுக்கு எதைக் கேட்க வேண்டும் என்பது பத்திரத்தைப் புரட்டினால்தான் தெரியும். வீடு விற்கிற பணத்தில் மாதவரம் பக்கம் ஃபிளாட் வாங்கும் எண்ணம் அவருக்கு இருந்தது என்பதும் பிறகுதான் வெளியே வந்தது. அது கணக்கை மறுபடியும் முதலிலிருந்து போடவைக்கும்.

இன்னொரு சிக்கல், பந்தியில் சொல்லும் எண்ணுக்குக் கால் முளைத்துவிடும். "பார்த்தால்தான் தெரியும், ஒருவேளை பத்து லட்சம்" என்று சொன்னால், முன்பாதி மண்டபத்திலேயே தங்கிவிடும். "ஆடிட்டரே பத்துன்னு சொல்லிட்டாங்க" என்பது மட்டும் புரோக்கர் வரைக்கும் போகும். அதை வைத்து விலை பேசுவார்கள், மகனுக்கு இவ்வளவு, மகளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள்.

சரி, எப்படி மறுப்பது? "எனக்குத் தெரியாது" என்று சொல்வது பொய், யாரும் நம்பவும் மாட்டார்கள். "அது பல விஷயத்தைப் பொறுத்தது" என்றால், அந்தப் பல விஷயத்தையும் ரசம் முடிவதற்குள் சொல்லிவிடுவார்கள். ஃபீஸ் பேச்சை மண்டபத்தில் எடுத்தால் அடுத்த விசேஷம் வரைக்கும் அதுவே பேச்சு. அனுபவத்தில் எனக்குக் கைகொடுப்பது ஒன்றுதான்: மறுப்பை ஒரு வேலையாக மாற்றி அவர் கையில் கொடுத்துவிடுவது. அன்றும் அதைத்தான் செய்தேன்.

"மாமா, மூணு பேப்பர் வேணும். கிரயப் பத்திரம், மாடி கட்டினப்போ வாங்கின லோன் ஸ்டேட்மென்ட், மாடிக்கு அப்புறம் கார்ப்பரேஷன் வீட்டு வரி ஏத்தின ரசீது. எடுத்துக்கிட்டு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆபீஸ் வாங்க. வாயால சொன்னா உங்களுக்குத்தான் நஷ்டம்."

பேப்பர் பெயர்களைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. தட்டிக்கழிக்கிறாள் என்ற நினைப்பு போய், நம் விஷயத்தை எடுத்துக்கொண்டாள் என்ற எண்ணம் வந்துவிட்டது. நாத்தனாரும் அடங்கினாள். இப்படிச் சொன்னால் பாதிப் பேர் வருவதே இல்லை. அவர்களுக்கு விற்கிற எண்ணம் அவ்வளவு தீவிரமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். விசிட்டிங் கார்டை நானாக நீட்டுவதில்லை. பட்டயக் கணக்காளர்கள் ஆள் பிடிக்கக் கூடாது என்பது எங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. அவராகக் கேட்டார், கொடுத்தேன்.

எழுந்து கை கழுவப் போகும்போது, "திங்கக்கிழமை பார்ட்டி பத்து லட்சம் அட்வான்ஸ் கேஷா கொடுக்கிறாராம்" என்றார். இதற்கு மட்டும் செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்க முடியாது.

"மாமா, பணமா ஒரு ரூபாயும் வாங்காதீங்க. செக்கோ ஆர்.டி.ஜி.எஸ்.ஸோ மட்டும்."

வீடு, நிலம் விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அட்வான்ஸுக்கும் இது பொருந்தும், பிறகு விற்பனையே நடக்காமல் போனாலும் பொருந்தும். அபராதம் வாங்கிய தொகை அளவுக்கே போகலாம். பத்து லட்சம் வாங்கினால் பத்து லட்சம். மாட்டுவது வீட்டை வாங்குபவர்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இந்த அபராதம் பணத்தை வாங்கிக்கொண்ட விற்பவர் தலையில்தான் விழும். இதைச் சொல்ல அவர் பத்திரம் எனக்குத் தேவையில்லை. எந்த வீடானாலும், எந்த விலையானாலும் பதில் ஒன்றுதான். சொன்னதில் தவறு வர வழியில்லை, சொல்லாவிட்டால் திருப்ப முடியாத நஷ்டம். இந்த இரண்டும் சேர்ந்தால் பந்தியானாலும் சொல்லிவிடுவேன். ஒன்று குறைந்தாலும் ஆபீஸுக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை மஞ்சள் பையோடு வந்தார். மாடிக்கு 12 லட்சம் செலவானது உண்மையாக இருக்கலாம். ஆனால் வங்கிக் கடனாகக் காட்ட முடிந்தது 9 லட்சம்தான். மீதி தம்பிகளிடம் கைமாற்றாக வாங்கியது, ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. கொத்தனாருக்குக் கொடுத்ததுக்கு ரசீதா கேட்பார்கள் என்று என்னையே கேட்டார். 9 லட்சத்தை வைத்துக் கணக்குப் போட்டால், முதல் வழியில் 9.12 லட்சம், இரண்டாவது வழியில் 7.93 லட்சம். எந்த வழி என்பது மாறவில்லை, தொகை மாறியது. 2001-ன் கைடுலைன் மதிப்பைத் தேடி எடுத்த பிறகே இதை இறுதி செய்ய முடியும் என்று எழுதிக் கொடுத்தேன். விலை 50 லட்சத்துக்குக் குறையாததால் வாங்குபவர் ஒரு சதவீதத்தை வரியாகப் பிடித்தம் செய்து கட்டுவார், அதைக் குறைத்துக் கொடுத்துவிட்டதாகச் சண்டை போட வேண்டாம் என்றும் சொன்னேன். ஃபிளாட் விஷயத்தைத் தனியாக உட்கார்ந்து பேசுவோம் என்று தள்ளிவைத்தோம்.

அட்வான்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்டேன். செக் என்றதும் பார்ட்டி முனகியிருக்கிறார், பிறகு ஆர்.டி.ஜி.எஸ். போட்டுவிட்டார்.

கிளம்பும்போது ஃபீஸ் எவ்வளவு என்று அவரே கேட்டார். சொன்னேன். "கல்யாணத்துல பக்கத்து இலையில உட்கார்ந்து சாப்பிட்டோமே" என்றார். பக்கத்து இலைக்காகத்தான் செவ்வாய்க்கிழமையே நேரம் கொடுத்தேன், மற்றவர்களுக்கு அடுத்த வாரம்தான் என்றேன். சிரித்துக்கொண்டே முழுத் தொகையையும் ஜி-பேயில் அனுப்பினார்.