ஜிம்மை விட்டாச்சு, பணம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது: மேண்டேட்டை வங்கியிலேயே ரத்து செய்த கதை

பெங்களூர் ஜெயநகர் வங்கிக் கிளையில் கவுண்டரில் எனக்குக் கிடைத்த பதில்: "ஜிம்காரங்ககிட்டயே கேன்சல் பண்ணச் சொல்லுங்க சார், எங்க கையில இல்ல." இதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். பணம் போவது உங்கள் கணக்கிலிருந்து. மாதாமாதம் பணம் எடுத்துக்கொள்ள நீங்கள் கொடுத்த அனுமதிதான் மேண்டேட். அதை ரத்து செய்ய உங்கள் வங்கியால் முடியும், ஜிம்மின் சம்மதம் தேவையில்லை.

முதலில் எந்த வழியாகப் பணம் போகிறது என்று ஸ்டேட்மென்ட்டில் பாருங்கள். யுபிஐ ஆட்டோபே என்றால் கவலையே இல்லை. அதைத் தொடங்கிய ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய், ரத்து கொடுத்து, பின் நம்பர் போட்டால் முடிந்தது. கார்டு என்றால், பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வங்கி அனுப்பும் அறிவிப்பிலேயே விலகும் வழி இருக்கும்.

தலைவலி `ACH` அல்லது `NACH` என்று வருவதுதான், அதாவது நிறுவனம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே நேரடியாகத் தவணை எடுக்கும் முறை. நெட் பேங்கிங்கில் மேண்டேட் பகுதி இருந்தால் அங்கேயே ரத்து செய்து பாருங்கள். பட்டியலில் இல்லையென்றால் கிளைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குத் தேவையானது `UMRN` என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 20 இடக் குறியீடு, உங்கள் மேண்டேட்டின் அடையாளம். மேண்டேட் பதிவானபோது வந்த குறுஞ்செய்தியில் தேடுங்கள், கிடைக்காவிட்டால் வங்கியிடமே கேளுங்கள். கடிதத்தில் கணக்கு எண், UMRN, பணம் எடுக்கும் நிறுவனத்தின் பெயர், மாதத் தொகை நான்கும் இருக்கட்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கவுண்டரில் "ஸ்டாப் பேமென்ட் போட்டுடறேன்" என்பார்கள். அது ஒரு தவணையை மட்டும் நிறுத்துவதாக இருக்கலாம். மேண்டேட் உயிரோடு இருக்கும், அடுத்த மாதம் மறுபடி வரும். "மேண்டேட் ரத்து" என்றே எழுதி, சீல் போட்ட நகல் வாங்குங்கள். கணக்கு சேலத்தில், நீங்கள் பெங்களூரில் என்றால் "ஹோம் பிராஞ்ச் போங்க" என்பார்கள். அப்போது பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து அந்தக் கிளைக்கு அனுப்புங்கள். அதுவே தேதியோடு சாட்சி.

கணக்கைக் காலியாக வைத்தால் போதும் என்பது தப்புக் கணக்கு. பணம் இல்லாமல் தவணை திரும்பும் ஒவ்வொரு முறையும் வங்கி அபராதம் போடும். 500 ரூபாய் என்றால் ஜிஎஸ்டியோடு 590. மூன்று மாதத்தில் 1,770.

தவணைத் தேதிக்கு முந்தைய நாள் போனால் அந்த மாதம் தப்பிக்க முடியாமல் போகலாம், ஒரு வாரமாவது முன்னால் கொடுங்கள். கடன் இஎம்ஐக்கு இந்த வேலை வேண்டாம். மேண்டேட் போனாலும் கடன் அப்படியே நிற்கும், சிபிலும் அடி வாங்கும். ஜிம்மோடு போட்ட ஒப்பந்தத்தில் பாக்கி இருந்தால் அதுவும் தனி வழக்கு.

சீல் வாங்கிய பிறகும் பணம் போனால், அந்த நகலை இணைத்து வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் `cms.rbi.org.in` தளத்தில், வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் இலவசமாகவே புகார் பதியலாம். இந்தத் தளத்தின் பெயரைச் சொன்னதுமே கவுண்டரில் எனக்கு ரத்துப் படிவம் கிடைத்துவிட்டது.