விழாத வாரமும் விழுந்த வாரமும்

ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை ஆறு மணிக்கு எங்கள் விற்பனைக் குழுவுக்கு ஓர் அறிக்கை தானாகவே போகும். முடிந்த வாரத்தில் எத்தனை ஆர்டர்கள் வந்தன, அதற்கு முந்தைய வாரத்தைவிட எத்தனை சதவீதம் கூடின அல்லது குறைந்தன என்பதுதான் அதன் சாரம். மாற்றம் 15 சதவீதத்தைத் தாண்டினால் மேலே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வரும். அதை எழுதியவன் நான்தான். 2025 ஜனவரி 6ஆம் தேதி காலை அந்தச் சிவப்பு எழுத்து -41% என்று காட்டியது. நான் மேசைக்கு வருவதற்குள் மூன்று பேர் அதைப் பற்றிக் கேட்டு எழுதியிருந்தார்கள்.

"புத்தாண்டு வாரம் அல்லவா, அப்படித்தான் இருக்கும்" என்று பதில் எழுதிவிட்டேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. ஒரு நாள் விடுமுறைக்கு ஏன் 41 சதவீதம் விழ வேண்டும்?

கணக்கு எளிதாக இருக்க எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன். ஒரு பிராந்தியத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். சாதாரண வேலைநாளில் 1000 ஆர்டர்கள், சனிக்கிழமை 400, ஞாயிறு 200; ஆக, வாரத்துக்கு 5600. வேலைநாளில் பொதுவிடுமுறை வந்தால் அன்று 250 வரும். டிசம்பர் 23 முதல் 29 வரையான வாரத்தில் கிறிஸ்துமஸ் மட்டும் விடுமுறை என்பதால் 4850. அடுத்த வாரத்தில் புத்தாண்டு நாள் மட்டும் விடுமுறை, அதுவும் 4850தான். இரண்டையும் ஒப்பிட்டால் மாற்றம் பூஜ்யம். ஆனால் அறிக்கை இரண்டாம் வாரத்துக்கு 2850 என்று காட்டியது. குறைந்தது சரியாக 2000. இரண்டு வேலைநாள்கள் எங்கோ தொலைந்திருந்தன.

அவை தொலைந்த இடம் இது:

```python
from datetime import date
d = date(2024, 12, 30)
print(d.strftime("%Y-%V"))   # 2024-01
print(d.strftime("%G-%V"))   # 2025-01
```

`%V` என்பது ஐ.எஸ்.ஓ. வார எண். அந்த முறையில் வாரம் திங்களன்று தொடங்கும். அந்த வாரத்தின் வியாழக்கிழமை எந்த ஆண்டில் விழுகிறதோ, வாரமும் அந்த ஆண்டுக்கே சொந்தம். டிசம்பர் 30 திங்கட்கிழமை. அந்த வாரத்தின் வியாழன் ஜனவரி 2. எனவே முழு வாரமும் 2025இன் முதல் வாரம். நான் வார எண்ணை ஐ.எஸ்.ஓ. முறையிலும் ஆண்டைச் சாதாரண நாள்காட்டியிலிருந்தும் எடுத்து ஒட்டியிருந்தேன். அதனால் டிசம்பர் 30, 31 ஆகிய இரண்டு நாள்களும் "2024இன் முதல் வாரம்" என்ற பெயரில், பன்னிரண்டு மாதங்களுக்கு முந்தைய வாரத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டன. மீதி ஐந்து நாள்கள் மட்டும் 2025-01 என்று நின்றன. ஆண்டு மாறும் இடத்தில் மட்டும் தலைகாட்டும் பிழை இது. மற்ற மாதங்களில் எத்தனை முறை சோதித்தாலும் அகப்படாது. ஓர் எழுத்தை மாற்றினேன், -41% பூஜ்யமாகிவிட்டது. அன்றைக்கே கவலை தீர்ந்தது என்று நினைத்தேன்.

ஜனவரி 13 அன்று மறுபடியும் சிவப்பு. இந்த முறை +15.5%. பிழை எதுவும் இல்லை. 4850இலிருந்து வழக்கமான 5600க்குத் திரும்பியிருந்தது, அவ்வளவுதான். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 5600இலிருந்து 4850க்கு இறங்கினால் 13.4 சதவீதம், எச்சரிக்கை வராது. அதே படியில் திரும்ப ஏறினால் 15.5, எச்சரிக்கை வரும். ஒரே விடுமுறை, இறங்கும்போது மௌனம், ஏறும்போது ஆரவாரம். முந்தைய வாரத்தோடு ஒப்பிடும் எந்த அறிக்கையிலும் ஒரு விடுமுறை இரண்டு முறை தெரியும் என்பதை அன்றுதான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

முதலில் எல்லோருக்கும் தோன்றும் வைத்தியத்தைத்தான் நானும் செய்தேன். மொத்தத்தை வேலைநாள்களின் எண்ணிக்கையால் வகுத்தேன். விடுமுறை வாரத்துக்கு 4850ஐ 4ஆல் வகுத்தால் சுமார் 1212. அடுத்த வாரத்துக்கு 5600ஐ 5ஆல் வகுத்தால் 1120. இப்போது எதுவுமே நடக்காத வாரம் 7.6 சதவீதம் வீழ்ச்சி காட்டியது. காரணம், விடுமுறை நாளில் வந்த 250 ஆர்டர்களும் வார இறுதியின் 600 ஆர்டர்களும் மேலே எண்ணப்படுகின்றன. கீழே அந்த நாள்களுக்கு இடமே இல்லை. விடுமுறையில் அறவே மூடிவிடும் தொழிலுக்கு இந்த வகுத்தல் ஓரளவு பொருந்தலாம். எங்களுக்குப் பொருந்தவில்லை. சலித்துப்போய் அதைக் கழற்றிவிட்டு, விடுமுறை உள்ள வாரங்களுக்கு "விடுமுறை வாரம்" என்று ஒரு குறிப்பை மட்டும் சேர்த்தேன். இந்தக் கதையில் நான் செய்த மிக மோசமான காரியம் அதுதான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இதற்கிடையில் மார்ச் கடைசியில் இன்னொரு விசித்திரம். மார்ச் 24 முதல் 30 வரையான வாரத்தில் 6700, அதற்கு அடுத்த வாரம் 4700, அதற்கும் அடுத்த வாரம் 5600. அறிக்கை மூன்று வாரமும் சிவப்பு: +20, -30, +19. எந்த விடுமுறையும் இல்லை. அறிக்கையை எடுத்துக்கொண்டு நிதிப் பிரிவில் இருக்கும் மூத்த சக ஊழியரிடம் போனேன். அவர் எண்களைப் பார்க்கவே இல்லை.

"உங்கள் வாரம் எப்போது தொடங்குகிறது?" என்றார்.

"திங்கட்கிழமை, மேடம்."

"எங்களுடையது ஞாயிற்றுக்கிழமை. காலாண்டு 29ஆம் தேதி சனிக்கிழமையோடு மூடியது. அது உங்கள் அறிக்கைக்குத் தெரியுமா?"

தெரியாது. எங்கள் நிறுவனத்தின் நிதியாண்டு டிசம்பரின் கடைசிச் சனிக்கிழமையில் முடியும். காலாண்டுக்கு 13 வாரங்கள். அவற்றை 4, 4, 5 என்று மூன்று "மாதங்களாக"ப் பிரிப்பார்கள். விற்பனையாளர்களின் இலக்கு அந்தச் சனிக்கிழமையோடு எண்ணப்படுவதால், கடைசி வாரத்தில் தள்ளுபடி கொடுத்து, அடுத்த வாரம் வரவேண்டிய ஆர்டர்களை இழுத்துக்கொள்கிறார்கள். 6700ஐயும் 4700ஐயும் கூட்டினால் 11,400. இரண்டு சாதாரண வாரங்களின் கூட்டுத்தொகை 11,200. ஆக, உண்மையில் கூடியது 200 மட்டுமே. மற்றவை இடம் மாறியவை. மார்ச் 30 ஞாயிறோ என் அறிக்கையில் பழைய காலாண்டின் வாரத்திலும், அவர்கள் அறிக்கையில் புதிய காலாண்டிலும் உட்கார்ந்திருந்தது. இரண்டு அறிக்கைகளும் ஏன் எப்போதும் கொஞ்சம் முரண்படுகின்றன என்று மாதக்கணக்கில் நாங்கள் ஒருவரையொருவர் சந்தேகித்ததற்கு விடை அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது.

இப்போது அந்தக் குறிப்புக்கு வருகிறேன். ஏப்ரல் 18 புனித வெள்ளி. 21ஆம் தேதி அறிக்கையில் 4250, அதாவது முந்தைய வாரத்தைவிட 24 சதவீதம் குறைவு. பக்கத்திலேயே என் குறிப்பு: "விடுமுறை வாரம்". பார்த்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நானும்தான். வியாழக்கிழமை ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, எட்டு நாள்களாக ஆர்டர் போட முடியவில்லை என்று சொன்னபோதுதான், 16ஆம் தேதி விலைப்பட்டியலை மாற்றியதில் ஒரு வகை வாடிக்கையாளர்களின் ஆர்டர்கள் எல்லாம் நிராகரிக்கப்பட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. விடுமுறையால் வாரம் 4850க்கு இறங்கியிருக்க வேண்டும். மீதி 600ஐ விழுங்கியது பழுது. ஜனவரியில் விழாத வாரத்துக்குக் கூப்பாடு போட்ட அறிக்கை, ஏப்ரலில் உண்மையாகவே விழுந்த வாரத்துக்கு நான் எழுதிக்கொடுத்த சாக்கைச் சொல்லிவிட்டது.

அதன் பிறகுதான் வேலையை ஒழுங்காகச் செய்தேன். அறிக்கையின் உள்ளே தேதியிலிருந்து வாரத்தைக் கணக்கிடுவதையே நிறுத்தினேன். ஒரு நாளுக்கு, ஒரு பிராந்தியத்துக்கு ஒரு வரி என்று நாள்காட்டி அட்டவணை ஒன்றை எழுதினேன்:

```
date        region  iso_week  fiscal_week  day_type
2025-04-17  A       2025-W16  2025-FW16    eve
2025-04-18  A       2025-W16  2025-FW16    holiday
2025-04-19  A       2025-W16  2025-FW16    normal
2025-04-20  A       2025-W16  2025-FW17    normal
```

கடைசி வரியைப் பாருங்கள். ஞாயிறு இரண்டு வாரங்களுக்கு நடுவில் நிற்பது கண்ணுக்கே தெரிகிறது. பிராந்தியம் தனி நிரலாக இருப்பதும் அவசியம். ஈஸ்டருக்கு அடுத்த திங்கள் சில நாடுகளில் விடுமுறை, சில நாடுகளில் வேலைநாள்.

இந்த அட்டவணையை வைத்து ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எதிர்பார்ப்பு கணக்கிடுகிறேன். சாதாரண நாள் என்றால், கடந்த எட்டு வாரங்களில் அதே கிழமையில் வந்த சாதாரண நாள்களின் இடைநிலை அளவு. சராசரி எடுத்தால் ஒரே ஒரு பெரிய ஆர்டர் நாள் எட்டு வாரமும் எண்ணை வளைத்துக்கொண்டே இருக்கும். விடுமுறை என்றால், அந்தக் கிழமையின் வழக்கமான அளவில் பழைய விடுமுறைகளில் எத்தனை பங்கு வந்தது என்று பார்த்துப் பெருக்குகிறேன். எங்களுக்கு அது கால் பங்கு. விடுமுறைக்கு முந்தைய நாள், வியாழன் விடுமுறைக்கும் சனிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் வெள்ளி, காலாண்டை மூடும் வாரம், அதற்கு அடுத்த வாரம் ஆகியவற்றுக்கும் இப்படியே தனித்தனிப் பங்குகள் உண்டு. ஏழு நாள்களின் எதிர்பார்ப்பைக் கூட்டி, உண்மையில் வந்ததோடு ஒப்பிடுகிறேன். முந்தைய வாரத்தோடு ஒப்பீடும் இருக்கிறது, ஆனால் சிறிய எழுத்தில். சிவப்புக்கு அதனோடு இப்போது தொடர்பில்லை.

பழைய வாரங்களை இதில் போட்டு ஓட்டிப் பார்த்தேன். ஜனவரியின் இரண்டு எச்சரிக்கைகளும் மறைந்தன. ஏப்ரல் வாரம் எதிர்பார்ப்பைவிட 12 சதவீதம் கீழே நின்றது. எதிர்பாராத ஒரு லாபமும் கிடைத்தது. 15 சதவீதம் என்ற எல்லையை நான் அத்தனை அகலமாக வைத்ததே விடுமுறைகளின் இரைச்சலுக்குப் பயந்துதான். இரைச்சல் போனபின் சாதாரண வாரங்களுக்கு அதை 8க்கு இறக்க முடிந்தது. விடுமுறை வாரங்களுக்கு 10. ஒரு பிராந்தியத்தில் ஆண்டுக்குக் கைவிரல்களில் எண்ணக்கூடிய விடுமுறைகளே வருகின்றன. அத்தனை குறைந்த மாதிரியிலிருந்து எடுத்த "கால் பங்கு" மீது அதற்கு மேல் நம்பிக்கை வைக்க எனக்குத் துணிவில்லை.

தொந்தரவு முழுக்க ஒழிந்துவிடவில்லை. பிறை பார்த்து உறுதியாகும் பெருநாள்களை முன்கூட்டியே எழுத முடியாது. அடுத்தடுத்த இரண்டு தேதிகளையும் `tentative` என்று குறித்து, அறிவிப்பு வந்ததும் கையால் திருத்துகிறேன். சென்ற ஆண்டின் இதே வாரத்தோடு ஒப்பிட்டுக் காட்டும்படி கேட்டார்கள். 364 நாள்களுக்கு முந்தைய தேதியை எடுத்தால் கிழமை பொருந்துகிறது, ஆனால் 2024இல் ஈஸ்டர் மார்ச் 31, 2025இல் ஏப்ரல் 20. எனவே அந்த ஒப்பீட்டிலும் இரண்டு பக்கமும் `day_type` ஒன்றாக இல்லாத நாள்களுக்கு எண் காட்டாமல் கோடு போட்டுவிடுகிறேன். கோட்டைப் பார்த்து முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள்.

அட்டவணையை இப்போது 2029 வரை நிரப்பி வைத்திருக்கிறேன். 52 வாரங்கள் 364 நாள்கள்தான் என்பதால் மிஞ்சும் நாள்கள் சேர்ந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை 53ஆம் வாரமாக எழும். ஐ.எஸ்.ஓ. முறையில் அது 2026இல் வருகிறது. டிசம்பரின் கடைசிச் சனிக்கிழமையில் முடியும் எங்கள் நிதியாண்டிலோ 2028இல். 2026 டிசம்பர் 28 என்ற வரியில் `2026-W53`, `2027-FW01` என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அதை நிதிப் பிரிவு அம்மாவிடம் காட்டி ஒப்புதல் வாங்கியபோது, அந்த வாரத்தில் விடுப்பு எடுத்துவிடாதே என்று மட்டும் சொன்னார்.