அக்குளுக்குள் ஓடிய மிஷின்: எங்கள் குட்டியின் பிடிஏ அறுவை சிகிச்சை

மிட்டு மூன்று மாதப் பொமரேனியன், பெண் குட்டி, எடை 1.8 கிலோ. இருமல் இல்லை, இளைப்பு இல்லை, வீட்டில் ஒரு செருப்பையும் விட்டுவைக்கவில்லை. தடுப்பூசி போடப் போன இடத்தில் டாக்டர் வழக்கம்போல நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். பிறகு அதை இடது முன்னங்காலுக்கு அடியில், அக்குள்வரை மேலே தள்ளி வைத்து நெடுநேரம் கேட்டார். கடைசியில் என் காதிலும் மாட்டிவிட்டார்.

லப்-டப் என்று பிரித்தெடுக்கவே முடியவில்லை. பக்கத்துத் தெருவில் மாவு மிஷின் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல். ஏறுகிறது, இறங்குகிறது, ஆனால் நிற்கவில்லை. அதே இடத்தில் விரலை வைத்தால் தோலுக்கடியில் அதிர்வு தெரிந்தது.

"இது பிடிஏவா இருக்கும். எக்கோ எடுத்திடலாம்" என்றார்.

தாயின் வயிற்றில் குட்டிக்கு நுரையீரல் வேலை செய்வதில்லை. அதனால் நுரையீரல் தமனிக்குப் போகும் ரத்தத்தின் பெரும்பகுதியை நேரே பெருந்தமனிக்குத் திருப்பிவிட ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. பிறந்த சில நாட்களில் அதன் தசை சுருங்கி மூடிக்கொள்ள வேண்டும். சில குட்டிகளுக்கு அந்தச் சுவரில் தசை போதாமல், குழாய் மூடாமலே நின்றுவிடுகிறது. அதுதான் பிடிஏ. குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கிற மூடும் மருந்து நாய்க்குட்டிக்குப் பலிக்காததும் இதனால்தான். சுருங்கத் தசை இருந்தால்தானே மருந்து சுருக்கும்.

பிறந்த பிறகு பெருந்தமனியில்தான் அழுத்தம் அதிகம். இதயம் சுருங்கும்போதும் அதிகம், விரியும்போதும் அதிகம். ஆகவே ரத்தம் ஒரு நொடிகூட விடாமல் அந்தக் குழாய் வழியே நுரையீரல் பக்கம் பாய்கிறது. சத்தம் ஓயாததற்குக் காரணம் இதுதான். அப்படிப் போன ரத்தம் நுரையீரலைச் சுற்றி மறுபடி இடது இதயத்துக்கே வந்து சேர்கிறது. உடம்புக்கு அனுப்பிய ரத்தத்தில் ஒரு பங்கை இடது இதயம் திரும்பத் திரும்ப இறைக்கிறது; அதனால் நாளுக்கு நாள் விரிகிறது. விரிய விரிய, இடது அறைகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வின் இதழ்கள் விலகி, அங்கேயும் கசிவு தொடங்குகிறது. ஒரு கட்டத்தில் நுரையீரலில் நீர் கோக்கும். மூடாமல் விட்ட குட்டிகளில் பாதிக்கு மேல் ஒரு வயதுக்குள் இறந்துவிடுகின்றன.

ஸ்டெதஸ்கோப்பை மேலே தள்ளியதன் அருமை எனக்குப் பிறகுதான் விளங்கியது. கீழே, இதய நுனியில் மட்டும் கேட்டால் பல சமயம் விட்டு விட்டு வரும் இரைச்சல்தான், டாக்டர்கள் சொல்லும் மர்மர்தான், காதில் விழும். நல்ல ஆரோக்கியமான குட்டிகளுக்கும் மெல்லிய மர்மர் இருந்து சில மாதங்களில் மறைவதுண்டு. "வளர்ந்தா சரியாயிடும்" என்று இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டால், இதயம் விரியும் மாதங்கள் அப்படியே கழிந்துவிடும்.

எக்கோவில் குழாய் தெரிந்தது, இடது அறைகள் இரண்டும் பெருத்திருந்தன. ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை டாக்டர் தனியாகக் கவனித்தார். பின்னங்கால் பாதங்களின் நிறத்தையும் பார்த்தார். நுரையீரல் பக்க அழுத்தம் மிக உயர்ந்துவிட்டால் ஓட்டம் தலைகீழாகும். இரைச்சல் அடங்கிவிடும், உடம்பின் பின்பகுதி நீலம் பாரிக்கும். அந்த நிலையில் குழாயை மூடினால் உயிருக்கே ஆபத்து. மிட்டுவுக்கு அப்படி எதுவும் இல்லை.

தொடைத் தமனி வழியாகச் சின்ன வலை அடைப்பானைக் கொண்டுபோய் வைக்கும் முறை உண்டு, நெஞ்சைத் திறக்க வேண்டாம். ஆனால் 1.8 கிலோ குட்டியின் தமனியில் அந்தக் குழாய் நுழையாது. கொஞ்சம் வளரட்டுமே என்று கேட்டேன். "இதயம் ஏற்கெனவே பெருசாயிடுச்சு. எடைக்காகக் காத்திருந்தா இதயம் காத்திருக்காதுங்க" என்றார் அறுவை சிகிச்சை டாக்டர். நான் மேற்கொண்டு பேசவில்லை.

இடப்பக்கம் நான்காவது விலா இடைவெளியில் திறந்து, குழாயைச் சுற்றிப் பட்டு நூல் கொடுத்துக் கட்டினார்கள். குழாயின் பின்புறம் கண்ணுக்குத் தெரியாது, சுவரும் மெல்லியது. நூலை அந்தப் பக்கம் கொண்டுபோகும்போது கிழிந்தால் ரத்தம் கொட்டும். முதலில் பெருந்தமனிப் பக்க முடிச்சை, அதுவும் சில நிமிடங்கள் எடுத்து மெதுவாக இறுக்குவார்கள். ஓட்டம் நின்றதும் ரத்த அழுத்தம் திடீரென உயர்வதால் இதயத் துடிப்பு சட்டென்று குறையும். மிட்டுவுக்கும் குறைந்து, தானாகவே சீரானதாம். வெளியே வந்து சொன்னார்கள்.

மயக்கம் தெளிந்த பிறகு அக்குளில் கேட்டேன். லப், டப், நடுவில் சுத்தமான இடைவெளி. தொடையின் உட்புறத்தில் விரலை உதைத்துக்கொண்டிருந்த நாடியும் சாதாரணமாகிவிட்டது. மூடியவுடன் எடுத்த எக்கோவில் இதயம் சுருங்கும் வலு முன்னைவிடக் குறைவாகத் தெரிந்தது, பயந்துவிட்டேன். கூடுதல் ரத்தம் வருவது நின்றதால் அப்படித் தெரியும் என்று விளக்கினார்கள். சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது இடது அறைகள் சுருங்கியிருந்தன, மைட்ரல் கசிவும் நின்றிருந்தது. இதயத் தசை சேதமாவதற்கு முன் மூடினால்தான் இப்படித் திரும்பும். நாள்பட்டு விரிந்த இதயம், குழாயை மூடினாலும் முழுதாகப் பழையபடி ஆவதில்லை.

இது பரம்பரையாக வருவது, பெண் குட்டிகளுக்கு அதிகம். மிட்டுவுக்குக் கருத்தடை செய்தாயிற்று. குட்டியைக் கொடுத்தவரிடம் கூடப் பிறந்த மூன்றையும் அக்குளில் வைத்துக் கேட்கச் சொன்னேன், அம்மாவை இனி இணை சேர்க்க வேண்டாம் என்றும் சொன்னேன். முதல் விஷயத்துக்கு உடனே சரி என்றார். இரண்டாவதுக்கு இன்னும் பதில் வரவில்லை.