நாற்பது இறங்கி நாற்பது ஏறினால்

“நாப்பது விழுக்காடு இறங்கிருச்சு தம்பி. நாப்பது ஏறினா முதல் கைக்கு வந்துரும்.”

காலையில் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் அண்ணன் ஒருவர் சொன்னார். 2020இல் வாங்கிய கையுறை நிறுவனப் பங்கு. 10,000 வெள்ளி 6,000 ஆகிவிட்டது.

செம்பனைக் குலை எடைச் சீட்டின் பின்புறம் பென்சிலால் எழுதிக் காட்டினேன். 6,000க்கு நாற்பது விழுக்காடு 2,400. சேர்த்தால் 8,400தான்.

இறங்கியது பத்தாயிரத்தில், ஏற வேண்டியது ஆறாயிரத்தில். 4,000ஐ 6,000ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 67 விழுக்காடு. பத்து இழந்தால் பதினொன்றுக்குச் சற்று மேல் ஏறினால் போதும். பாதி போனால் நூறு வேண்டும்.

தே தாரிக் ஆறிப்போனது. அவர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப வித்துறவா?” என்றவர், உடனே, “வேணாம், நட்டத்துல விக்க மனசு வராது” என்றார். போன மாதம் 400 வெள்ளி இலாபத்தில் இருந்த வேறு பங்கை மட்டும் சட்டென்று விற்றிருக்கிறார்!

இது கணக்கு இல்லை, மனசு. கானமன், டிவெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் எழுதியது இந்த மனசைப் பற்றித்தான். 1992இல் அவர்கள் போட்ட மதிப்பீட்டில், இழப்பின் வலி அதே அளவு இலாபத்தின் மகிழ்ச்சியைப் போல இரண்டே கால் மடங்கு.

விற்கலாமா என்பதற்கு அந்தப் பத்தாயிரம் பதில் சொல்லாது. இன்று கையில் 6,000 இருந்தால் இதே பங்கை வாங்குவாரா என்று கேட்டேன்.

“சேச்சே!” என்றார்.

சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பங்கை இன்னும் விற்கவில்லை.