தற்காலிக இசையை அணைத்த பிறகுதான் அனிமேட்டிக் உண்மையைச் சொன்னது

எங்கள் அனிமேஷன் படத்துக்கு ஸ்டோரிபோர்டு, தற்காலிகக் குரல் இரண்டும் சிக்கலில்லாமல் முடிந்தன. அந்த ஸ்டோரிபோர்டு படங்களை ஒலியோடு சேர்த்து, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் என்று ஓட்டிப் பார்க்கும் முன்னோட்டம்தான் அனிமேட்டிக். தலைவலி கொடுத்தது இசைதான்.

எடிட்டர் எங்கிருந்தோ ஒரு தற்காலிக இசையை எடுத்துப் போட்டு, அதன் தாளத்துக்கே படங்களை வெட்டி அனிமேட்டிக்கை அனுப்பினார். பார்க்க ஜோராக இருந்தது. தயாரிப்பாளர் உடனே, "சரி, அனிமேஷனை ஆரம்பிக்கலாம்" என்றார். எனக்கு ஒரு ஷாட் மட்டும் உறுத்தியது. கதவு தட்டும் சத்தம் கேட்டு, பாட்டி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்து, எழுந்து, நடந்து போய்த் தாழ்ப்பாளைத் திறக்க வேண்டும். இதற்கு மூன்றே படங்கள், மொத்தம் 60 ஃப்ரேம். எங்கள் படம் நொடிக்கு 24 ஃப்ரேம் என்பதால் அது இரண்டரை நொடி.

நின்றுகொண்டிருக்கும் படத்துக்கு இரண்டரை நொடி தாராளம். அசைவுக்குப் போதுமா என்பது அதில் தெரியாது, இசையும் சேர்ந்தால் சுத்தமாகத் தெரியாது. இசை டிராக்கை அணைத்துவிட்டு, செருப்புச் சத்தத்தைப் பதிவு செய்து டைம்லைனில் வைத்துப் பார்த்தேன். சாதாரண நடைக்கு ஒரு காலடிக்குச் சுமார் 12 ஃப்ரேம் என்பது வழக்கமான கணக்கு. வயதான பாட்டிக்கு 16 என்று வைத்தேன். கதவு வரை ஆறு காலடி என்றால் நடைக்கே 96 ஃப்ரேம். எழுந்து நிற்கும் வரையிலான அசைவை நானே நடித்து ஸ்டாப்வாட்சில் பார்த்தால் இரண்டு நொடி, அதாவது 48 ஃப்ரேம். ஆக 144. கையில் இருந்ததோ 60!

இப்படியே அனிமேட்டரிடம் போயிருந்தால் பாட்டி கதவுக்குப் பறந்துதான் போயிருப்பார்.

ஷாட்டை ஆறு நொடிக்கு நீட்டினால் காட்சி தொய்ந்துவிடும். அதனால் பாட்டி எழுந்து நின்றதுமே வெட்டி, தாழ்ப்பாளின் குளோசப்புக்குப் போனேன். அதன் மேல் இரண்டு செருப்புச் சத்தம், பிறகு கை உள்ளே வருகிறது. 48-உம் 32-உம் சேர்ந்து 80 ஃப்ரேமில் முடிந்தது. நடையை வரையவே வேண்டியதில்லை என்பது கூடுதல் லாபம்.

ஆனால் அந்த 20 ஃப்ரேம் கூடியதால், அதற்குப் பிறகு வரும் வெட்டு எதுவும் தாளத்தில் விழவில்லை. "பாட்டு ஒட்டவே இல்லையே" என்று தயாரிப்பாளர் பிடிவாதம். அது நம் படத்தில் இருக்கப்போகிற பாட்டே இல்லை என்று புரிய வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் இசை இல்லாத பிரதியைப் போட்டுக் காட்டிய பிறகுதான் இறங்கி வந்தார்.

நீங்கள் செய்வதாக இருந்தால் குரல், சத்தம், இசை மூன்றையும் தனித்தனி டிராக்கில் வையுங்கள். ஒப்புதலுக்கு முதலில் இசை இல்லாத பிரதியை அனுப்புங்கள். ஷாட் எண்ணும் ஃப்ரேம் எண்ணும் படத்தின் ஓரத்தில் தெரியட்டும். இல்லாவிட்டால், "அந்த இடம் கொஞ்சம் மெதுவா இருக்கு" என்பார்கள், எந்த இடம் என்று நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.